நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு பூ

அந்த அலுவலகத்தில் பயப்படுவதையே வேலையாகச் செய்து சம்பளம் வாங்குகிற ஆள் அவள் ஒருத்திதான். வயது நாற்பத்தாறு. எல்லோருக்கும் அவள் 'அக்கா'. அவள் காதில் விழாத தூரத்தில் 'பயந்தாங்கொள்ளி அக்கா'. காதில் விழுந்தாலும் அவள் கோபித்துக்கொள்வதில்லை. இல்லாததையா சொல்கிறார்கள்?

கேஸை அணைத்தோமா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பார்ப்பாள். லிப்டில் ஏறினால் கதவு திறக்கும்வரை மூச்சை அடக்கிக்கொள்வாள். பூட்டிய பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். "இன்னொரு தடவை இழுத்தேன்னா பூட்டே அழுதுடும், வா" என்பார் வீட்டுக்காரர். அவர் பேருந்து ஓட்டுகிறவர். நாற்பது பேரைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு சந்துக்குள் வண்டியைத் திருப்புகிறவருக்கு, ஒரு பூட்டைப் பார்த்து இவள் நடுங்குவது இன்றுவரை புரியவில்லை.

இந்த வேலைக்கு அவள் வந்த கதையும் ஒரு பயத்தில்தான் தொடங்கியது. பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு கூரியர் கிளையில் முகவரிகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் கைப்பையை விசைப்பலகையின் மேல் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். திரும்பி வந்தால், முகவரிக் கட்டத்துக்குள் ஒரே எழுத்து பக்கம் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. கிளையில் இருந்த ஆறு கணினியும் உறைந்துபோய் நின்றன. அந்த நிரலை எழுதிக் கொடுத்தவர் நேரில் வந்தார். "யார் பண்ணினது? பயப்படாமச் சொல்லுங்க" என்றார். அவள் பயந்துகொண்டே சொன்னாள். அவர் அவளையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆறு மாசம் நாங்க தலைகீழா நின்னு சோதிச்சோம். இதை எங்களால உடைக்க முடியலை. நீங்க பையை வச்சே உடைச்சுட்டீங்க. என்கிட்ட வந்துடுங்க." அவர்தான் இப்போது சார்.

சோதிக்கும் வேலையை அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கோடு போட்ட நோட்டு ஒன்றை வாங்கி, முதல் பக்கத்தில் 'என்ன ஆகும்?' என்று எழுதினாள். பிறகு மனதில் தோன்றுகிற பயத்தையெல்லாம் வரிசையாக எழுதத் தொடங்கினாள். ஒன்றுமே எழுதாமல் அனுப்பினால் என்ன ஆகும்? ஒரே பொத்தானை ஏழு தடவை அழுத்தினால்? வயது என்ற இடத்தில் இருநூறு என்று போட்டால்? பாதியில் கரண்ட் போனால்? ஒவ்வொன்றையும் செய்து பார்த்து, பக்கத்தில் 'சரி' என்றோ 'விழுந்தது' என்றோ எழுதிக் கையெழுத்துப் போடுவாள். பதினோரு நோட்டு நிரம்பிவிட்டது. அவளுடைய கையெழுத்து இல்லாமல் எந்த நிரலும் அந்த இரண்டாவது மாடியை விட்டுக் கீழே இறங்காது.

பன்னிரண்டாவது நோட்டில் இருந்தது பிரசவ ஆஸ்பத்திரியின் வேலை. கர்ப்பிணிகள் போனிலிருந்து செய்தி அனுப்பினால் ஒரு ஏஐ படித்துப் பார்த்துப் பதில் சொல்லும். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, ஸ்கேனுக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதையெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். கொஞ்சம் கலக்கமான செய்தியாக இருந்தால் சிவப்புக் குறி போட்டு நர்ஸ்களின் திரைக்கு அனுப்பிவிடும். வருகிற செய்திகள் ஒன்றன் பின் ஒன்றாக வரிசையில் நிற்கும். ஒரு சின்ன நிரல் வரிசையின் தலையில் இருப்பதை எடுத்து ஏஐயிடம் கொடுக்கும், பதிலை வாங்கி அனுப்பும், அடுத்ததை எடுக்கும். அவ்வளவுதான்.

அந்த நிரலை எழுதியவனுக்கு அலுவலகத்தில் 'கமா' என்று பெயர். ஒரு தடவை ஒரே ஒரு கமாவை விட்டுவிட்டு ஒரு நாள் முழுக்க எல்லோரையும் அலைய வைத்த புண்ணியவான். ஒரு செய்தியில் ஐந்தாயிரம் எழுத்து வரைதான் வரலாம் என்று வாசலிலேயே ஒரு காவல் வைத்திருந்தான். அக்கா அதையும் சோதித்திருந்தாள். நோட்டில் அந்த வரி இப்படி இருந்தது: 'ஒரே எழுத்து, நீளமாக: a, ஐந்தாயிரம் தடவை. சரி.' கீழே கையெழுத்து.

ஆஸ்பத்திரியில் அது ஓடத் தொடங்கிய ஒன்பதாவது நாள், காலை பத்தேகால் மணிக்குப் போன் வந்தது. பேசியது பெரிய சிஸ்டர். பிரசவ வார்டின் தலைமை நர்ஸ்.

"என்னம்மா, உங்க மிஷின் தூங்கிடுச்சா? இருபது நிமிஷமா ஒருத்தருக்கும் பதில் போகலையாம். எங்க திரையும் வெறிச்சோடிக் கெடக்கு."

அக்கா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டாள். வரிசையைத் திறந்து பார்த்தாள். முப்பத்தெட்டு செய்திகள் நின்றன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முப்பத்தொன்பது ஆனது. வரிசையின் தலையில் இருந்த செய்தி திரையை முழுசாக அடைத்துக்கொண்டு கிடந்தது.

பூபூபூபூபூபூபூபூபூபூபூபூபூபூபூபூபூபூபூபூபூபூபூபூ.

உருட்டினாள். உருட்ட உருட்டப் பூ. அடி தெரியவில்லை.

"கமா, இங்க வா."

அவன் நாற்காலியோடு உருண்டு வந்தான். பார்த்தான். "யாரோ நம்ம காதுல பூ சுத்தியிருக்காங்க" என்று சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. நிரலின் பதிவேட்டில் ஒரே வரி திரும்பத் திரும்ப இறங்கிக்கொண்டிருந்தது. செய்தியை எடுத்தது, ஏஐயிடம் கொடுத்தது, ஏஐ 'அளவுக்கு மேல்' என்று திருப்பியது, நிரல் விழுந்தது. விழுந்ததை எழுப்பிவிடக் காவல்காரன் மாதிரி இன்னொரு நிரல் உண்டு. அவன் ஐந்து விநாடியில் எழுப்பிவிடுவான். எழுந்த நிரல் வரிசையின் தலையில் இருப்பதை மறுபடி எடுக்கும். அங்கே அதே பூ. மறுபடி விழும். இருபது நிமிடமாக இதுதான் நடந்துகொண்டிருந்தது.

"எப்படிக்கா? அஞ்சாயிரத்துக்குள்ளதானே இருக்கு? நீங்கதானே சோதிச்சீங்க?"

அவன் குற்றம் சொல்லவில்லை, கேட்டான். ஆனாலும் அவளுக்குக் காது சுட்டது. எப்படி என்று அதற்குள் அவளுக்கே புரிந்துவிட்டிருந்தது. ஏஐ எழுத்து எழுத்தாகப் படிப்பதில்லை. எல்லாவற்றையும் துண்டு துண்டாக்கித்தான் விழுங்கும். ஒரு தடவைக்கு எட்டாயிரம் துண்டுக்கு மேல் அதற்கு இறங்காது. ஆங்கில 'a' வரிசையாக வந்தால் எட்டு எட்டாகச் சேர்த்து ஒரே துண்டாக்கிவிடும். ஐந்தாயிரமும் அறுநூற்றுச் சொச்சம் துண்டோடு முடிந்துபோகும். 'பூ' அப்படியில்லை. கமா தமிழ்க்காரனாக எண்ணி, பூ ஓர் எழுத்து என்று காவலுக்குச் சொல்லி வைத்திருந்தான். பள்ளிக்கூடத்தில் எண்ணுவதுபோலச் சரியான கணக்குதான். உள்ளே இருக்கும் ஏஐக்கோ அது 'ப' தனி, 'ஊ'க்கான சுழி தனி. ஒவ்வொரு பூவும் இரண்டு துண்டு. வாசலில் நாலாயிரம் என்று உள்ளே நுழைந்தது, அடுப்படிக்குப் போனதும் எட்டாயிரத்தைத் தாண்டிவிட்டது.

அனுப்புகிறவர்கள் எல்லோரும் தமிழில்தான் எழுதுவார்கள் என்று தெரிந்தும் அவள் ஆங்கில எழுத்தை வைத்துச் சோதித்திருக்கிறாள். விசைப்பலகை அன்றைக்கு ஆங்கிலத்தில் இருந்தது. மாற்றச் சோம்பல். அவ்வளவுதான். கையெழுத்து அவளுடையது.

அதைவிடப் பெரிய பயம் பூவுக்குப் பின்னால் நின்ற கிட்டத்தட்ட நாற்பது பேர். செய்திகளின் முதல் வரி மட்டும் திரையில் தெரிந்தது. 'இரும்பு மாத்திரை கறுப்பா போகுது…' 'நாளைக்கு ஸ்கேன் உண்டா…' 'காலையிலிருந்து அசைவு தெரியலை…'

"சிஸ்டர், எழுதிக்குங்க. நான் ஒரு நம்பர் சொல்றேன், உடனே கூப்பிடுங்க. குழந்தை அசையலைன்னு எழுதியிருக்காங்க" என்றாள். நம்பரைச் சொல்லி, சிஸ்டரைத் திரும்பச் சொல்ல வைத்தாள்.

"அந்தப் பூவை டெலீட் பண்ணிடறேன்" என்று கமா கையை நீட்டினான்.

"அழிக்காதே. ஒதுக்கி வை."

"குப்பையை எதுக்குக்கா ஒதுக்கணும்?"

"குப்பையான்னு பார்த்துட்டு அழிக்கலாம். அழிச்சதைப் பார்க்க முடியாது."

அவன் அந்தச் செய்தியை வரிசையிலிருந்து தூக்கித் தனி இடத்தில் வைத்தான். நிரல் எழுந்தது. இந்த முறை விழவில்லை. முப்பத்தொன்பது, முப்பத்தெட்டு, முப்பத்தேழு என்று எண் இறங்கத் தொடங்கியது. மூன்று நிமிடத்தில் வரிசை காலி. சிவப்புக் குறியோடு நர்ஸ்களுக்குப் போனவை இரண்டு. அசைவு தெரியாத பெண்ணை அதற்குள் சிஸ்டர் போனில் பிடித்து, ஆட்டோ ஏறி வரச் சொல்லியிருந்தார்.

அக்காவுக்கு முகத்தைத் துடைத்துக்கொள்ளக்கூட நேரமில்லை. பெரிய சிஸ்டர் மறுபடி கூப்பிட்டார். இந்த முறை சாரும் அவள் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். போனை ஸ்பீக்கரில் போட்டார்கள்.

"யார் அந்தப் பூக்காரன்? நம்பரைத் தூக்குங்க. திரும்ப எந்த ஜென்மத்துலயும் உள்ள வரக்கூடாது. தூக்கறதுக்கு முன்னாடி நான் எழுதிக் குடுத்தேனே, அந்த எச்சரிக்கையை அனுப்புங்க."

அந்த எச்சரிக்கை அக்காவின் திரையில் ஒரு பொத்தானாக இருந்தது. சிஸ்டரே உட்கார்ந்து எழுதிய வாசகம்: 'இது தாய்மார்களின் உயிர் காக்கும் சேவை. தேவையற்றதை அனுப்பிப் பிறர் உயிரோடு விளையாடாதீர்கள். உங்கள் எண் பதிவு செய்யப்பட்டுள்ளது.' இந்த ஒன்பது நாளில் அதை யாருக்கும் அனுப்ப வேண்டி வரவில்லை.

"நானே அந்த நம்பருக்கு ரெண்டு தடவை போன் போட்டேன்" என்றார் சிஸ்டர். "எடுத்து, ஒரு வார்த்தை பேசாம வச்சுட்டான். பேசறதுக்கு வாய் இல்லை, பூ அனுப்ப மட்டும் கை இருக்கு."

"தூக்கிடுங்கக்கா" என்றார் சார். "இன்னொரு தடவை இப்படி நின்னுச்சுன்னா ஆஸ்பத்திரியில நம்மளைத் தூக்கிடுவாங்க."

அக்காவின் விரல் அந்தப் பொத்தானுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அழுத்திவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. அவளுக்கும்தான். ஆனால் எதையும் மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற கை அது. ஒதுக்கி வைத்த செய்தியின் ஓரத்தில் இருந்த எண்ணைப் பார்த்தாள். 4096.

"கமா, அந்த நம்பர்லேர்ந்து இதுக்கு முன்னாடி ஏதாவது வந்திருக்கா பாரு."

வந்திருந்தது. ஒன்பது நாற்பத்தெட்டுக்கு 1024 பூ. ஒன்பது ஐம்பதுக்கு 2048 பூ. இரண்டுக்கும் ஏஐ தடுமாறாமல், 'பூ என்று நிறைய வந்திருக்கிறது. வேறு ஏதாவது கேட்க வேண்டுமா?' என்று பதில் சொல்லியிருந்தது. ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு 4096. அதோடு இங்கே எல்லாம் நின்றுபோனது. அங்கிருந்தும் பிறகு ஒன்றும் வரவில்லை.

அவளும் இப்படித்தான் செய்வாள். போனில் விரலை அழுத்திப் பிடித்தால் எழுத்து ஓடாது. ஒன்றை அடித்து, நகலெடுத்து ஒட்டினால் இரண்டு. அதை எடுத்து ஒட்டினால் நாலு, எட்டு, பதினாறு. பன்னிரண்டு தடவை ஒட்டினால் 4096. விளையாடுகிறவன் இப்படி அனுப்பமாட்டான். கண்டபடி அழுத்துவான், எண்ணிக்கை பிசகும், நடுவில் நாலு எழுத்து வேறாக விழும், ஒரு சிரிப்புப் பொம்மை வரும். இங்கே ஒரு பூ கூடவும் இல்லை, குறையவும் இல்லை. யாரோ பாலை ஊற்றுவதற்கு முன்னால் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிப் பார்த்திருக்கிறார்கள்.

"சார், இது யாரோ அளந்து பார்க்கறாங்க" என்றாள்.

"எதை?"

"எவ்வளவு கொள்ளும்னு."

"அளந்து பார்க்க இது என்ன துணிக்கடையா?" என்றது ஸ்பீக்கர்.

"சிஸ்டர், தப்பு என்னோடது. நான் தமிழ்ல சோதிக்காம கையெழுத்துப் போட்டுட்டேன். அவங்க அனுப்பினது அஞ்சாயிரத்துக்குள்ளதான். நாங்க அனுமதிச்ச அளவு. நாங்க அனுமதிச்சதை அனுப்பினதுக்கு எச்சரிக்கை அனுப்பினா…" பத்து வருடத்தில் அந்த அறையில் இத்தனை வாக்கியம் அவள் சேர்த்துப் பேசியதே இல்லை.

சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னெண்டு மணி வரைக்கும் பாருங்க. அதுக்குள்ள திரும்ப நின்னுச்சுன்னா நானே வந்து அழுத்துவேன்."

கமா நிரலில் இரண்டு மாற்றம் செய்தான். ஏஐயிடம் கொடுப்பதற்கு முன்னால் எழுத்தை எண்ணாமல் துண்டை எண்ணுவது ஒன்று. ஏஐ எதற்காகத் திருப்பினாலும் விழாமல், அந்தச் செய்தியை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுப்பது இன்னொன்று. அக்கா சோதனைத் திரையில் பூவை அனுப்பினாள், நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு. பிறகு ஐந்தாயிரம். பிறகு கௌ, க், ஆய்த எழுத்து, ஒரே புள்ளி, வெறும் இடைவெளி. எதற்கும் விழவில்லை. ஒவ்வொன்றையும் அனுப்பும்போது பல்லைக் கடித்துக்கொண்டாள். தாடை வலித்தது. மணி பதினொன்றே கால்.

மிச்சம் இருந்தது, அந்த நம்பருக்கு என்ன சொல்வது என்பது. எச்சரிக்கைப் பொத்தானுக்குக் கீழே கையால் எழுதி அனுப்ப ஒரு கட்டம் உண்டு. அவள் எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள்.

'நீங்கள் அனுப்பிய 4096 எழுத்தும் வந்து சேர்ந்தன. அவ்வளவு நீளத்தை ஒரே தடவையில் எங்களால் படிக்க முடியவில்லை. பதில் வராமல் போனது எங்கள் தவறு. ஒரு தடவைக்கு ஆயிரம் எழுத்துக்குள் பிரித்து அனுப்பினால், எத்தனை பகுதி வந்தாலும் முழுவதும் படிப்போம்.'

அனுப்பினாள். அது நர்ஸ்களின் திரையிலும் தெரியும். உடனே சிஸ்டரின் போன் வந்தது. "விளையாட்டுப் பிள்ளைக்கு விளையாட்டு விதி சொல்லிக் குடுக்கறீங்களா? எப்படி உடைக்கலாம்னு நீங்களே வழி காட்டறீங்க."

அதுவும் நடக்கலாம்தான். அக்காவுக்கு அந்தப் பயமும் இருந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் திரையைப் பார்த்தாள். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். கீழே மூக்குக் கண்ணாடிக் கடையில் யாரோ கண் பரிசோதனைக்கு எழுத்துகளை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

பதினொன்று முப்பத்தொன்றுக்கு வந்தது.

'நன்றி. முன்னாடி வேற ஒரு இடத்துல எழுதினப்ப பாதியிலயே வெட்டிடுச்சு. மீதியை யாரும் படிக்கலை. அதான் எவ்வளவு எடுத்துக்கும்னு பார்த்தேன். எனக்குக் காது கேட்காது, பேச வராது. எழுதித்தான் சொல்லணும். ஒரு வாரமா எழுதி வச்சிருக்கேன். நாலா பிரிச்சு அனுப்பறேன்.'

சிஸ்டரும் தன் திரையில் அதைப் படித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு தடவை போன் போட்டேனே" என்றார் மெதுவாக.

முதல் பகுதி வந்தது. ஆஸ்பத்திரிப் பதிவு எண், முப்பத்துநாலாவது வாரம், முதல் குழந்தை தங்காமல் போனது எந்த மாதத்தில் என்பது. வரிக்கு வரி நாள் போட்டு எழுதியிருந்தாள் அந்தப் பெண், கணக்காசிரியை மாதிரி. இரண்டாவது பகுதி: திங்கள், கால் வீக்கம். செவ்வாய், முகம் வீக்கம், மோதிரம் கழலவில்லை. புதன், தலைவலி, மாத்திரைக்குக் கேட்கவில்லை. ஏஐ அதற்கு உடனே சிவப்புக் குறி போட்டது. மூன்றாவது பகுதி: நேற்று மருந்துக் கடையில் பிரஷர் பார்த்தது, நூற்று அறுபதுக்கு நூற்றுப் பத்து. 'அவர் வெளியூர் வேலையில் இருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரருக்கு நான் எழுதிக் காட்டினால் படிக்கத் தெரியாது.' மேல் வயிற்றில் வலப்பக்கம் வலி என்பதோடு அது முடிந்தது.

"நூத்து அறுபதா" என்றார் சிஸ்டர். அதற்குப் பிறகு அவர் குரல் இவர்களிடம் பேசவில்லை. யாரையோ கூப்பிட்டு, பதிவு எண்ணை இரண்டு தடவை படித்து, விலாசம் எடுக்கச் சொல்லி, வண்டி கிளப்பச் சொன்னார். "வலிப்பு வந்துடும் அந்தப் பொண்ணுக்கு. கதவைத் தட்டினாக் காதுல விழாது, அதையும் டிரைவர்கிட்ட சொல்லு."

நாலாவது பகுதி வரவில்லை.

அக்கா வரிசையைப் பார்த்தாள். காலி. ஒதுக்கி வைத்த இடத்தைப் பார்த்தாள். அங்கேயும் இல்லை. நிரல் விழுந்துவிட்டதோ என்று பதிவேட்டைப் பார்த்தாள். நின்றுகொண்டுதான் இருந்தது. "நாம எங்கயாவது முழுங்கிட்டமா, கமா?" என்று கேட்டாள். அவனும் தேடினான். அவன் காதோரம் வியர்வை கோடு போட்டிருந்தது. "நம்மகிட்ட வரவே இல்லைக்கா." அப்படியானால் அந்தப் பெண் அனுப்பவில்லை. அனுப்பவில்லை என்றால் ஏன்? இவள் பன்னிரண்டு நோட்டில் எழுதிய எந்தப் பயமும் இந்த ஆறு நிமிடத்துக்கு ஈடாகவில்லை. நிரல் விழுந்தால் எழுப்பிவிட ஒரு காவல்காரன் இருக்கிறான். அந்த வீட்டில் யாரும் இல்லை.

அவள் எழுதினாள்: 'மூன்று பகுதியும் வந்தன. முழுவதும் படித்தோம். ஆஸ்பத்திரி வண்டி உங்கள் வீட்டுக்கு வருகிறது. கதவைத் திறந்து வைத்துவிட்டு இடது பக்கம் சாய்ந்து படுங்கள்.' கடைசி வரியைச் சொன்னது சிஸ்டர். அனுப்பிவிட்டுத் திரையைப் பார்த்தாள். படித்ததற்கான குறி விழவில்லை.

சார் அவளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

பதினொன்று நாற்பத்தொன்பதுக்குக் குறி விழுந்தது. அதற்குக் கீழே நாலாவது பகுதி. சின்னது.

'கண்ணு முன்னாடி மின்னுது. எழுத்து ரெண்டு ரெண்டா தெரியுது. மிச்சத்தை வெட்டி ஒட்ட முடியலை. கதவைத் திறந்துட்டேன். இது முழுசா வந்துச்சா.'

அக்கா எண்ணவில்லை. எண்ணிச் சொல்லும் பழக்கம் அந்த ஒரு தடவை அவளுக்கு மறந்துபோனது. 'முழுசா வந்துச்சு. கடைசி எழுத்து வரைக்கும் வந்துச்சு. இனி எழுத வேண்டாம். படுங்க' என்று பேச்சுத் தமிழிலேயே அடித்து அனுப்பினாள். அடித்ததைத் திரும்பப் படித்துக்கூடப் பார்க்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு யாரும் பொத்தானுக்குப் பக்கத்தில் வரவில்லை. பன்னிரண்டு பத்துக்கு வண்டியில் ஏற்றியாகிவிட்டது என்று சிஸ்டர் சொன்னார். ஏற்றியபோது அந்தப் பெண் தன் போனை டிரைவரிடம் நீட்டி, அதில் இருந்ததையெல்லாம் டாக்டரிடம் காட்டச் சொல்லிச் சைகை செய்தாளாம். மிச்சமிருந்த பகுதியும் அதில் இருந்தது. மூன்றரைக்கு மறுபடி போன் வந்தது. அறுவை செய்து குழந்தையை எடுத்துவிட்டார்கள். பெண் குழந்தை, ஒன்றே முக்கால் கிலோ, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். தாய்க்குப் பிரஷர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

"இறங்கிடுச்சா, இறங்கிட்டிருக்கா, சிஸ்டர்?"

"இறங்கிட்டிருக்கு. இன்னிக்கு ராத்திரி தாண்டணும்." சிஸ்டர் தொடர்ந்தார். "காலையில அசைவு தெரியலைன்னு எழுதின பொண்ணு வந்து பார்த்துட்டுப் போயிட்டா. அங்க எல்லாம் நல்லாயிருக்கு. இன்னொண்ணும்மா, நான் எழுதின அந்த வாசகம் பொத்தான்ல இருக்குல்ல? அதை எடுத்துடுங்க. உங்க கை எப்பவாவது தவறிப் பட்டுடப் போகுது."

"என் கை படாது சிஸ்டர்."

"நான் மறுபடி அழுத்தச் சொல்லிடக் கூடாதுன்னுதான்" என்று சொல்லிவிட்டு சிஸ்டர் போனை வைத்தார்.

அக்கா நோட்டைத் திறந்து, 'a, ஐந்தாயிரம் தடவை. சரி' என்ற வரியில் 'சரி'யை அடித்து 'விழுந்தது' என்று எழுதித் தேதி போட்டாள். கையெழுத்து கோணலாக விழுந்தது. வார்டுக்கு எத்தனை மணி வரைக்கும் போன் செய்யலாம் என்று கேட்க மறந்துவிட்டோமே என்று தோன்றியதும், மறுபடி சிஸ்டரின் நம்பரை அடிக்கத் தொடங்கினாள்.